திரையில் நூறு டொலர், கையில் எத்தனை ரூபா?



முன்பெல்லாம் இப்பகுதிக்கு வரும் கடிதங்களில் அடகு நகை பற்றியும் கிழமைக் கடன் பற்றியும்தான் அதிகம் கேட்பீர்கள். இப்போது இன்னொரு கேள்வியும் சேர்ந்திருக்கிறது. கைத்தொலைபேசியில் சமையல், தையல், வீட்டுத்தோட்டம் என்று காணொளி எடுத்து யூடியூப்பில் போடுகிறீர்கள். இடையில் வரும் விளம்பரங்களுக்காகக் கூகுள் நிறுவனம் டொலரில் பணம் தருகிறது. ஆனால் "திரையில் காட்டிய தொகை ஏன் அப்படியே என் வங்கிப் புத்தகத்தில் விழவில்லை? ஏன் இத்தனை நாள் பிந்துகிறது?" என்று கேட்கிறீர்கள். இருபத்தாறு வருடங்கள் வங்கி ஒன்றின் வெளிநாட்டுப் பணப் பிரிவில் இருந்தவள் என்ற முறையில் இம்மாதம் அதற்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

கிளிநொச்சிப் பக்கத்துத் தங்கை ஒருத்தியின் கணக்கை வைத்தே சொல்கிறேன். அவளுக்கு இரண்டு பிள்ளைகள். கணவன் 2009 இல் காணாமற் போனவர். ஒடியற் கூழ், கருவாட்டுக் குழம்பு, மரவள்ளிக்கிழங்குக் கறி என்று ஊர்ச் சமையலை அவள் செய்ய, மூத்த மகள் படம் பிடிக்கிறாள். பார்ப்பவர்களில் அநேகர் கனடாவிலும் லண்டனிலும் பிரான்சிலும் இருக்கும் எம்மவர்கள். 2025 ஆகஸ்ட் மாத உழைப்புக்காக அவளுக்குக் கூகுள் அனுப்பிய தொகை 118 டொலர் 60 சதம். அதுதான் அவளுடைய முதற் பணம்.

அவள் என்னிடம் வந்தது செப்டெம்பர் 25 ஆந் திகதி. "அக்கா, மூண்டு நாளா பாங்குக்குப் போய் வாறன். ஒண்டும் வரேல்லை எண்டுதான் சொல்லினம். இண்டைக்குக் கடன்காரர் வருவினம். என்ர காசை ஆரும் எடுத்துப் போட்டினமோ?" என்று கேட்டாள். யாரும் எடுக்கவில்லை. மறுநாள் 26 ஆந் திகதி பணம் அவளுடைய கணக்கில் விழுந்தது. அது வந்த வழியும் அதற்கு எடுத்த நாட்களும் முன்னரே தெரிந்திருந்தால், மூன்று நாள் பஸ் காசும் மிஞ்சியிருக்கும், கடன்காரருக்கு 25 ஆந் திகதியென்று வாக்குக் கொடுக்கவும் மாட்டாள்.

மாதத்தின் கணக்கு

முதலில் நாட்களைப் பார்ப்போம். ஒரு மாதத்தில் நீங்கள் உழைத்தது அந்த மாதமே வராது. ஆகஸ்ட் மாதம் முழுவதும் திரையில் நாளாந்தம் காட்டுவது ஒரு மதிப்பீடு மட்டுமே. மாதம் முடிந்த பின் கூகுள் கணக்கைச் சரிபார்க்கும். தவறான வழியில் வந்த பார்வைகள் ஏதும் இருந்தால் அவற்றைக் கழிக்கும். அதன் பின் அடுத்த மாதம் 7 ஆந் திகதிக்கும் 12 ஆந் திகதிக்கும் இடையில் இறுதித் தொகை உங்கள் அட்சென்ஸ் கணக்கில் ஏறும். அட்சென்ஸ் என்பது விளம்பரப் பணத்தைக் கணக்கு வைத்து அனுப்பும் கூகுளின் பகுதி. எனவே மதிப்பீட்டை நம்பி எவருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள். இறுதித் தொகை ஏறிய பின்னரே அது உங்கள் பணம்.

அந்தத் தொகை, முன்னைய மாதங்களின் மீதியோடு சேர்ந்து, 100 டொலரை எட்டியிருந்தால் அதே மாதம் 21 இற்கும் 26 இற்கும் இடையில் பணம் அனுப்பப்படும். எட்டாவிட்டால் அழிந்து போகாது. அடுத்த மாதத்தோடு சேரும். வங்கி விபரமோ முகவரி உறுதியோ ஏதாவது குறையாக இருந்து பணம் நிறுத்தி வைக்கப்பட்டிருந்தால், அதை 20 ஆந் திகதிக்கு முன் சரிசெய்ய வேண்டும். 21 இற்குப் பிறகு சரிசெய்தால் அடுத்த மாதம்தான்.

இந்தத் தங்கைக்குச் செப்டெம்பர் 22 ஆந் திகதி, திங்கட்கிழமை, பணம் அனுப்பப்பட்டதாகத் திரையில் வந்தது. அனுப்பியதென்றால் வந்து சேர்ந்ததென்று அர்த்தமல்ல. இலங்கைக்கு இப்பணம் வங்கிக்கு வங்கி கம்பிவழி மாற்றாக வருகிறது. கூகுளின் வங்கியிலிருந்து புறப்பட்டு, இடையில் இருக்கும் ஒரு வங்கியைக் கடந்து, கொழும்பில் உங்கள் வங்கியின் தலைமை அலுவலகத்துக்கு வந்து, அங்கிருந்துதான் உங்கள் கணக்குக்கு விழும். சனி, ஞாயிறு, போயா நாட்களில் அங்கே வேலை நடக்காது. அனுப்பும் நாட்டின் விடுமுறையும் சேர்ந்து கொள்ளும். சித்திரை வருடப் பிறப்புக் காலத்தில் இன்னும் பிந்தும். இவளுக்கு நான்கு நாட்களில் வந்தது. ஒரு கிழமை எடுப்பதும் சாதாரணம். 15 நாட்கள் வரை பொறுக்கும்படி கூகுளே சொல்கிறது.

ஆகவே ஆகஸ்டில் உழைத்த காசைச் செப்டெம்பர் கடைசியிலோ ஒக்டோபர் முதற் கிழமையிலோதான் எதிர்பார்க்க வேண்டும். தவணைக் கடன் கட்டும் நாளை உங்களால் மாற்றிக் கேட்க முடியுமானால், மாதத்தின் 10 ஆந் திகதிக்குப் பிறகு வரும் ஒரு நாளைக் கேளுங்கள்.

3,816 ரூபா எங்கே போனது?

இனிப் பணத்தின் கணக்கு. அந்தத் தங்கை பத்திரிகையில் டொலர் 304 ரூபா என்று பார்த்திருக்கிறாள். 118.60 ஐ 304 ஆல் பெருக்கி, 36,054 ரூபா 40 சதம் வருமென்று கொப்பியில் எழுதி வைத்திருந்தாள். வங்கிப் புத்தகத்தில் விழுந்தது 32,237 ரூபா 60 சதம். குறைந்தது 3,816 ரூபா 80 சதம். அவளுக்கு அது பிள்ளைகளின் ஒரு மாத ரியூசன் காசு.

இந்தக் குறை ஓரிடத்தில் ஏற்படவில்லை. மூன்று இடங்களில் ஏற்பட்டது.

முதலாவது, நாணயமாற்று வீதம். வங்கிகள் டொலருக்கு இரண்டு விலை வைத்திருக்கும். உங்களிடமிருந்து அவை வாங்கும் விலை ஒன்று. உங்களுக்கு விற்கும் விலை இன்னொன்று. விற்கும் விலை எப்போதும் கூட. பத்திரிகையில் அவள் பார்த்த 304 விற்கும் விலை. அவளோ டொலரை வங்கிக்குக் கொடுப்பவள். அன்றைக்கு அவளுடைய வங்கி வாங்கிய விலை 296 ரூபா. ஒரு டொலருக்கு 8 ரூபா வித்தியாசம். 118.60 டொலருக்கு 948 ரூபா 80 சதம். இதை யாரும் அவளிடமிருந்து வெட்டவில்லை. கணக்குப் பார்க்கும்போது பிழையான விலையைப் பார்த்திருக்கிறாள், அவ்வளவுதான்.

இதிலே இன்னொரு நுணுக்கமும் உண்டு. வாங்கும் விலையிலும் இரு வகை இருக்கிறது. வெளிநாட்டுத் தாள் காசைக் கையில் கொண்டுபோய்க் கொடுத்தால் ஒரு விலை. கணக்குக்குக் கணக்கு மாற்றாக வரும் பணத்துக்கு வேறு விலை. இரண்டாவதை வங்கியில் ரீ.ரீ. வாங்கும் வீதம் என்பார்கள். உங்களுக்குப் பொருந்துவது இந்த ரீ.ரீ. வாங்கும் வீதம். வங்கிகள் தங்கள் இணையத்தளங்களில் இதைத் தினமும் வெளியிடுகின்றன. கூகுள் பணம் அனுப்பிய நாளின் வீதமன்று, உங்கள் வங்கி அதை ரூபாவாக மாற்றும் நாளின் வீதமே கணக்கில் எடுக்கப்படும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

இரண்டாவது, இடையிலுள்ள வங்கி எடுத்த கூலி. கூகுளின் வங்கியும் உங்கள் வங்கியும் நேரடியாகக் கொடுக்கல் வாங்கல் வைத்திராதபோது, இரண்டுக்கும் பொதுவான ஒரு பெரிய வங்கி நடுவில் நிற்கும். அது தன் கூலியை வரும் பணத்திலிருந்தே டொலராக எடுத்துக்கொண்டு மிச்சத்தை அனுப்பும். இவளுக்கு 118.60 அனுப்பப்பட்டு 110.60 தான் கொழும்புக்கு வந்தது. 8 டொலர் வழியிலேயே போய்விட்டது. 296 ஆல் பெருக்கினால் 2,368 ரூபா. குறையின் பெரும் பங்கு இதுதான். எந்த வங்கி ஊடாக வருகிறது என்பதைப் பொறுத்து இக்கூலி மாறும். சிலருக்கு எதுவுமே வெட்டப்படாமலும் வருவதுண்டு.

மூன்றாவது, உங்கள் வங்கியின் தரகு. வெளிநாட்டுப் பணத்தை உங்கள் கணக்கில் வரவு வைப்பதற்கு வங்கி ஒரு கட்டணம் எடுக்கலாம். இவளிடம் 500 ரூபா எடுக்கப்பட்டது. இது வங்கிக்கு வங்கி வேறுபடும். சில வங்கிகள் நிலையான தொகை எடுக்கும். சில, தொகைக்கு ஏற்ப நூற்றுவீதம் எடுத்து, அதற்கு ஓர் ஆகக் குறைந்த தொகையும் வைத்திருக்கும்.

இப்போது கூட்டிப் பாருங்கள். 948.80, 2,368, 500 மூன்றும் சேர்ந்தால் 3,816 ரூபா 80 சதம். ஒரு சதமும் காணாமற் போகவில்லை. இக்கணக்கை அவளுக்கு முன்னாலேயே போட்டுக் காட்டினேன். "அப்ப ஆரும் களவெடுக்கேல்லை" என்று ஒரு பெருமூச்சு விட்டாள்.

இதை நீங்களும் வீட்டிலிருந்தே செய்யலாம். இரண்டு தாள்கள் வேண்டும். ஒன்று, அட்சென்ஸ் கணக்கின் Payments பகுதியில் அந்தக் கொடுப்பனவை அழுத்தினால் வரும் பற்றுச்சீட்டு. அதில் கூகுள் எவ்வளவு அனுப்பியது, எந்த நாளில் அனுப்பியது என்று இருக்கும். மற்றது, உங்கள் வங்கியில் கேட்டுப் பெறும் வரவு அறிவித்தல். அதில் வங்கிக்கு எத்தனை டொலர் வந்தது, என்ன வீதத்தில் மாற்றப்பட்டது, எவ்வளவு தரகு எடுக்கப்பட்டது என்ற மூன்றும் இருக்கும். இரண்டு தாளிலும் டொலர்த் தொகை வேறாக இருந்தால் குறை வழியில் ஏற்பட்டது. ஒன்றாக இருந்தால் குறை வீதத்திலோ தரகிலோ இருக்கிறது. வெறும் வங்கிப் புத்தகத்தை மட்டும் வைத்துக்கொண்டு இதைக் கண்டுபிடிக்க முடியாது. ஏனென்றால் அதில் கடைசி ரூபாத் தொகை மட்டுமே பதியப்படும்.

மாதாமாதம் எடுப்பதா, சேர்த்து எடுப்பதா?

இந்தக் கணக்கிலிருந்து ஒரு பயனுள்ள விடயம் தெரிகிறது. இடை வங்கியின் 8 டொலரும் உள்ளூர்த் தரகு 500 ரூபாவும் ஒவ்வொரு தடவைக்கும் எடுக்கப்படுபவை. 118 டொலர் வந்தாலும் அவ்வளவு, 355 டொலர் வந்தாலும் பெரும்பாலும் அவ்வளவே. இரண்டும் சேர்ந்து ஒரு தடவைக்கு 2,868 ரூபா. மாதாமாதம் மூன்று முறை எடுத்தால் 8,604 ரூபா போகும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுத்தால் 2,868 மட்டும் போகும். மிச்சம் 5,736 ரூபா.

இதற்கு வழி அட்சென்ஸ் கணக்கிலேயே இருக்கிறது. Payments பகுதியின் அமைப்புகளுக்குள் போனால் Payment schedule என்று இருக்கும். அங்கே 100 டொலருக்குப் பதிலாக 300 டொலர் என்று நீங்களே எல்லையை உயர்த்தி வைக்கலாம். இந்தத் தங்கைக்கு இரண்டு மாதத்தில் 237 டொலர் சேரும், அனுப்பப்படாது. மூன்றாம் மாதம் 355 ஆகும்போது ஒன்றாக அனுப்பப்படும். வேண்டாமென்றால் எல்லையைத் திரும்பக் குறைக்கலாம்.

ஆனால் எல்லோருக்கும் இது பொருந்தாது. காத்திருக்கும் மாதங்களில் உங்கள் கடனுக்கு வட்டி ஏறும். அடகு வைத்த நகைக்கு மாதம் 100 ரூபாவுக்கு 1 ரூபா 25 சதம் வட்டி என்று வைத்துக்கொள்வோம். முதல் மாதக் காசு 32,000 ரூபா இரண்டு மாதம் பிந்தினால் 800 ரூபா வட்டி. இரண்டாம் மாதக் காசு ஒரு மாதம் பிந்தினால் 400 ரூபா. மொத்தம் 1,200 ரூபா. மிச்சமாகும் 5,736 இதைவிடக் கூட என்பதால் இங்கே பொறுத்திருப்பது இலாபம். ஆனால் தவணை தவறினால் தண்டம் போட்டு, குழுவிலுள்ள மற்றப் பெண்களையும் இழுத்து வைத்து வசூலிக்கும் கிழமைக் கடன் உங்களுக்கு இருந்தால், 2,868 ரூபா போனாலும் மாதாமாதம் எடுத்துக் கட்டுவதே நல்லது. இந்தத் தங்கைக்குக் கிழமைக் கடன் இன்னும் நான்கு மாதம் இருக்கிறது. அதுவரை 100 டொலர் எல்லையிலேயே இருக்கட்டும், கடன் முடிந்த பிறகு 300 ஆக்கலாம் என்று முடிவு செய்திருக்கிறோம்.

"டொலராகவே வைத்திருந்தால் விலை ஏறும்போது மாற்றலாமே?" என்று சிலர் கேட்டு எழுதியிருக்கிறீர்கள். 2017 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்க வெளிநாட்டுச் செலாவணிச் சட்டத்தின் கீழ், இலங்கையில் வசிப்பவர்களும் தனிநபர் வெளிநாட்டு நாணயக் கணக்கு ஒன்றை வங்கியில் திறக்கலாம். அதில் பணம் டொலராகவே இருக்கும். ஆனால் இரண்டு விடயங்களைக் கவனியுங்கள். இடை வங்கியின் கூலி அந்தக் கணக்குக்கும் ஒன்றுதான், அது வழியிலேயே போய்விடும். மேலும் கணக்கில் எப்போதும் வைத்திருக்க வேண்டிய ஆகக் குறைந்த டொலர்த் தொகையை வங்கி நிர்ணயித்திருக்கும். வருவதை அந்த மாதமே அரிசிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் செலவழிக்கும் வீட்டுக்கு இக்கணக்கால் பயன் குறைவு.

விலை ஏறும் என்பதும் நிச்சயமில்லை. 2022 மார்ச் தொடக்கத்தில் ஏறக்குறைய 200 ரூபாவாக இருந்த டொலர் மே மாதத்தில் 360 ரூபாவை நெருங்கியது. அப்போது டொலராக வைத்திருந்தவர்கள் சந்தோஷப்பட்டார்கள். ஆனால் 2023 நடுப்பகுதியில் அது 300 ரூபா அளவுக்கு இறங்கியபோது, இன்னும் ஏறும் என்று பொத்தி வைத்திருந்தவர்கள் நட்டப்பட்டார்கள். மிச்சம் பிடிக்கக் கூடிய பணம் உள்ளவர்களுக்கு டொலர்க் கணக்கு. அன்றாடச் செலவுக்கு எதிர்பார்த்திருப்பவர்களுக்குச் சாதாரண ரூபாச் சேமிப்புக் கணக்குப் போதும்.

எந்தக் கணக்கு, யாருடைய பெயர்?

கணக்கு எங்கே இருக்கிறதென்பது முக்கியம். சமுர்த்தி வங்கியிலோ கூட்டுறவுக் கிராமிய வங்கியிலோ உள்ள கணக்குக்கு இப்பணம் வராது. சுவிஃப்ட் குறியீடு உள்ள வங்கி வேண்டும். அது வங்கிகளுக்கு உலகம் முழுவதும் உள்ள முகவரி போன்றது. எட்டு அல்லது பதினொரு எழுத்து இருக்கும். உதாரணமாக இலங்கை வங்கிக்கு BCEYLKLX, மக்கள் வங்கிக்கு PSBKLKLX. ஐந்தாம் ஆறாம் எழுத்துக்கள் LK என்று இருந்தால்தான் அது இலங்கைக்கானது. குறியீட்டை ஆரோ சொன்னார்கள் என்று எழுதாமல், உங்கள் கிளையில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

எங்கள் பெண்கள் அதிகம் சிக்கிக்கொள்வது பெயரில்தான். அடையாள அட்டையில் தகப்பனின் பெயரோடு ஒரு பெயர். கலியாணத்துக்குப் பின் திறந்த வங்கிக் கணக்கில் கணவனின் பெயரோடு இன்னொரு பெயர். சிலருக்கு இடப்பெயர்வில் ஆவணங்கள் தொலைந்து, பிறகு எடுத்த அட்டையில் எழுத்து மாறியிருக்கும். அட்சென்ஸ் கணக்கில் நீங்கள் கொடுக்கும் பெயரும் வங்கிக் கணக்கின் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். கூகுள் அடையாளத்தை உறுதி செய்யக் கேட்கும்போது அடையாள அட்டையின் பெயரும் பொருந்த வேண்டும். வங்கிக்குப் பெயரில் சந்தேகம் வந்தால் பணத்தை வரவு வைக்காமல் நிறுத்தி வைக்கலாம், திருப்பியும் அனுப்பலாம். திரும்பிய பணம் உங்கள் அட்சென்ஸ் கணக்கில் மீண்டும் சேரும். ஆனால் விபரத்தைத் திருத்தி அடுத்த சுற்று வரும்வரை இன்னொரு மாதம் போய்விடும்.

ஆகவே அடையாள அட்டையில் உள்ளபடியே, உங்கள் தனிப் பெயரில், ஒரு புதிய சேமிப்புக் கணக்குத் திறப்பதே சுலபமான வழி. கணவர் காணாமற்போன அல்லது இறந்துபோன சகோதரிகள் பழைய கூட்டுக் கணக்கை இதற்குக் கொடுக்க வேண்டாம். பணம் வந்த பின் எடுப்பதற்கு இருவர் கையொப்பம் வேண்டுமென்றால் என்ன செய்வீர்கள்?

கொமியூனிகேஷன் கடைத் தம்பியோ உறவுக்காரரோ "என்ர கணக்கிலை போட்டுத் தாறன்" என்று சொன்னாலும் சம்மதிக்காதீர்கள். அவர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் அட்சென்ஸ் கணக்கு அவர் பெயரில் இருந்தால் அந்தப் பணம் சட்டப்படி அவருடையது. உங்கள் உழைப்புக்கு ஒரு தாளும் உங்களிடம் இருக்காது. மகளோ மகனோ எல்லா வேலையும் செய்தாலும், 18 வயது ஆகாதவர்கள் அட்சென்ஸ் கணக்கு வைத்திருக்க முடியாது. தாயின் பெயரில் திறந்து, மின்னஞ்சல் கடவுச்சொல்லைத் தாயும் வைத்திருக்க வேண்டும்.

தபாலில் வரும் ஆறு இலக்கம்

உங்கள் வருமானம் 10 டொலரை எட்டியதும் கூகுள் ஒரு கடிதம் அனுப்பும். அதில் பின் எனப்படும் ஆறு இலக்க எண் இருக்கும். அதை அட்சென்ஸ் கணக்கில் பதிந்தால்தான் முகவரி உறுதியாகி, பணம் வெளியே வரும். சாதாரண தபாலில் வருவதால் இரண்டு முதல் நான்கு கிழமை ஆகும். நான்கு மாதத்துக்குள் பதியாவிட்டால் உங்கள் காணொளிகளில் விளம்பரம் நின்றுவிடும்.

மீள்குடியேறிய வீடுகளுக்கும் வீட்டுத்திட்டங்களுக்கும் இக்கடிதம் பல தடவை வந்து சேர்வதில்லை. வீட்டு இலக்கமில்லை, வீதிக்கு மூன்று பெயர். ஆகவே உங்களுக்கு வழமையாகக் கடிதம் வரும் முகவரியை, உங்கள் உப தபாற்கந்தோரின் பெயரோடும் தபாற் குறியீட்டோடும், ஆங்கில எழுத்தில் கொடுங்கள். "இப்படியொரு கடிதம் வரும்" என்று தபால்காரருக்கும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். இந்தத் தங்கைக்கு முதற் கடிதம் வரவில்லை. உப தபாற்கந்தோரின் பெயரைச் சேர்த்துத் திரும்பக் கேட்ட பின் வந்தது. மறுபடியும் மறுபடியும் கேட்டும் வராதவர்களுக்கு, அடையாள ஆவணத்தைப் படமெடுத்து அனுப்பி உறுதிசெய்யும் வழியைக் கூகுள் தரும்.

இதோடு அமெரிக்க வரித் தகவல் படிவமும் நிரப்ப வேண்டும். W-8BEN என்பது அதன் பெயர். அமெரிக்கர் அல்லாதவர்களுக்கானது. "எனக்கென்ன அமெரிக்க வரி?" என்று விட்டுவிடாதீர்கள். 2021 முதல் யூடியூப் வருமானத்திலும் இது பிடிக்கப்படுகிறது. படிவத்தைக் கொடுத்தவர்களுக்கு அமெரிக்காவில் இருந்து பார்ப்பவர்களால் வந்த பகுதியில் மட்டுமே வரி. கனடா, லண்டன், பிரான்ஸ் பார்வையாளர்களால் வந்த பகுதிக்கு அந்த வரி இல்லை. கொடுக்காவிட்டால் உலகம் முழுவதிலுமிருந்து வந்த உங்கள் மொத்த வருமானத்திலும் 24 வீதம் வரை பிடிக்கலாம். 118 டொலரில் அது 28 டொலர். இலங்கைக்கும் அமெரிக்காவுக்கும் இடையில் வரி ஒப்பந்தம் இருப்பதால், இலங்கை இறைவரித் திணைக்களத்தில் பெறும் உங்கள் வரி இலக்கத்தை அப்படிவத்தில் கொடுத்து ஒப்பந்த வீதத்தையும் கேட்கலாம்.

உண்மையாகவே பிந்தினால்

அனுப்பிய நாளிலிருந்து 15 நாட்கள் கடந்தும் வராவிட்டால் அப்போது வங்கிக்குப் போங்கள். வெறுங்கையோடு போய் "காசு வந்ததா?" என்று கேட்டால், கிளையில் உள்ளவர் உங்கள் கணக்கைப் பார்த்து இல்லை என்பார். அவர் சொல்வது உண்மைதான். ஆனால் பணம் தலைமை அலுவலகத்தில் விளக்கம் கேட்டு நிற்கக் கூடும். கூகுளின் பற்றுச்சீட்டை அச்சடித்துக் கொண்டு போய், அனுப்பிய திகதி, தொகை, இலக்கம் மூன்றையும் காட்டி, தலைமை அலுவலகத்தின் வெளிநாட்டுப் பணப் பிரிவில் தேடிப் பார்க்கும்படி எழுத்தில் கேளுங்கள்.

முதற் பணத்துக்கு "இது என்ன பணம்? யார் அனுப்பியது?" என்று வங்கி கேட்பது வழமை. பயப்பட வேண்டாம். எங்கள் பகுதிப் பெண்களுக்கு விசாரணை என்றாலே நெஞ்சு பதறும் என்பது எனக்குத் தெரியும். ஆனால் இக்கேள்வி வெளிநாட்டிலிருந்து வரும் பணம் எல்லாவற்றுக்கும் உரியது. "யூடியூப் விளம்பர வருமானம்" என்று சொல்லி, பற்றுச்சீட்டையும் உங்கள் காணொளிப் பக்கத்தையும் காட்டினால் போதும். உறவினர் அனுப்பிய காசு என்று சுலபத்துக்காகச் சொல்லிவிடாதீர்கள். ஆவணத்தில் கூகுள் என்றிருக்க நீங்கள் வேறு சொன்னால் அதுதான் சந்தேகத்தை உண்டாக்கும்.

இடையில் யாராவது தொலைபேசியில் அழைத்து, "உங்கள் டொலர் தடைபட்டிருக்கிறது, விடுவிக்க இவ்வளவு கட்டுங்கள்" என்றோ, கைத்தொலைபேசிக்கு வந்த இரகசிய இலக்கத்தைச் சொல்லும்படியோ கேட்டால், துண்டித்து விடுங்கள். கூலி எதுவானாலும் வரும் பணத்திலிருந்தே கழிக்கப்படும். முன்கூட்டிக் கையால் கட்டச் சொல்லும் வழக்கம் இல்லை.

கணக்குத் திறக்கப் போகும் நாளில் கவுண்டரில் மூன்று கேள்விகளைக் கேட்டு எழுதி வாருங்கள். உங்கள் சுவிஃப்ட் குறியீடு என்ன? வெளிநாட்டிலிருந்து வரும் 100 டொலருக்கு எவ்வளவு தரகு எடுப்பீர்கள்? இன்றைய ரீ.ரீ. வாங்கும் வீதம் என்ன? பக்கத்துப் பக்கத்தில் இரண்டு வங்கிகள் இருந்தால் இரண்டிலும் ஒரே நாளில் கேளுங்கள். 100 டொலருக்குக் கையில் வரும் ரூபாவை இரண்டுக்கும் கணக்குப் பார்த்துவிட்டு, கூடத் தரும் இடத்தில் கணக்கைத் திறவுங்கள்.

பற்றுச்சீட்டும் வரவு அறிவித்தலும் கையில் இருந்தும் கணக்குப் பொருந்தாதவர்கள், இரண்டின் பிரதியையும் இப்பகுதிக்கு அனுப்புங்கள். கணக்கு இலக்கத்தை மறைத்துவிட்டு அனுப்பினால் போதும்.